வாக்குறுதி எந்த மேசையில் உடைகிறது?

கேள்வி: நான் சர்க்கரை நோய் மருத்துவர். கரூர் பக்கம் சிறிய மருத்துவமனை நடத்துகிறேன். இரத்தப் பரிசோதனை, ஆலோசனை, மருந்தகம், உணவு ஆலோசகர் என எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. வாசல் பலகையில் ‘ஒரே காலையில் எல்லாம் முடியும்’ என்று எழுதியிருக்கிறோம். சிகிச்சையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் ‘டாக்டர் காக்கவைக்கிறார்’ என்று கூகுளில் தொடர்ந்து எழுதுகிறார்கள். கூடத்தில் ஏ.சி. போட்டேன், டிவி வைத்தேன், மாற்றமில்லை. நோயாளி எங்களைத் தொடும் ஒவ்வொரு புள்ளியையும் வரைபடமாகப் போட்டுப் பாருங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதை எப்படிப் போடுவது? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

பலகையில் இருக்கும் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குங்கள். தொடுபுள்ளி வரைபடம் போடுகிற பலர் பார்க்கிங், வரவேற்பு, கழிவறை, பில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். சுவர் நிறையும், எதை முதலில் திருத்துவது என்பது மட்டும் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒவ்வொரு இடமும் அழகாக இருக்கிறதா என்பதை அல்ல. நீங்கள் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் நிற்கிறதா, விழுகிறதா என்பதைத்தான்.

அதற்கு அந்த வரியை ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக உடைக்க வேண்டும். ‘காலை’ என்றால் எத்தனை மணி வரை? ‘எல்லாம்’ என்றால் எவையெவை? ‘ஒரே’ என்றால் மறுபடி வர வேண்டியதே இல்லையா? இவற்றை உங்கள் ஊழியர்கள் நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு பதில்கள் வரும். மருத்துவருக்குக் காலை என்பது புறநோயாளிகள் முடியும் வரை. நோயாளிக்கு அது மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் பஸ். இந்த இரண்டில் நோயாளியின் கணக்கையே வரைபடத்தில் எழுதுங்கள்.

அடுத்து, ஒரே ஒரு வகை நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலில் அது வெளியூரிலிருந்து வெறும் வயிற்றில் வரும் பழைய நோயாளியாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன், பின் என்று இருமுறை இரத்தம் கொடுப்பவர் அவர். உங்கள் வாக்குறுதி அதிகம் சோதிக்கப்படுவது அவரிடம்தான். முதல் முறை வருபவருக்கும், இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொள்ள வருபவருக்கும் வேறு பாதைகள் உண்டு. அவற்றை இதே தாளில் கலக்க வேண்டாம்.

தாளின் அமைப்பு எளிது. அமெரிக்க வங்கித் துறையில் பணியாற்றிய லின் ஷோஸ்டாக் 1984-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சேவையைப் படமாக வரையும் முறை ஒன்றை விளக்கினார். அதில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு கோடு. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதைக் கோட்டுக்கு மேலேயும், தெரியாமல் உள்ளே நடப்பதைக் கீழேயும் எழுத வேண்டும். மேலே, நோயாளி செய்வதும் கேட்பதும். கீழே, அதே நேரத்தில் ஆய்வகத்திலும் பில் மேசையிலும் உங்கள் அறையிலும் நடப்பது. எல்லாவற்றுக்கும் நடுவே கடிகாரம். குறைகள் எப்போதும் கோட்டுக்கு மேலே கேட்கும்; காரணங்கள் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். ஏ.சி.யும் டிவியும் உங்களுக்குப் பயன்படாமல் போனது இதனால்தான். அவை கோட்டுக்கு மேலே மட்டும் செய்த வேலை.

உங்களுடையதைப் போன்ற இன்னொரு மருத்துவமனையில், ஒரு பெரியவருடன் கூடவே இருந்து நான் குறித்த நேரங்களைச் சொல்கிறேன். உங்கள் இடத்தில் எண்கள் மாறும். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

அவர் கிராமத்திலிருந்து 5.45 பஸ்ஸைப் பிடித்து 7.10-க்கு வந்து சேர்ந்தார். பில் மேசையில் ஒரே ஒரு பெண். புதிய நோயாளிகளைப் பதிவதும், பணம் வாங்குவதும், தொலைபேசி எடுப்பதும் அவர்தான். பெரியவருக்கு என்னென்ன பரிசோதனை என்பது போன முறை வந்தபோதே சீட்டில் எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் பில் இல்லாமல் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. பில் கையில் கிடைத்தபோது 7.50. அதுவரை இரத்தம் எடுக்கும் அறையில் டெக்னீஷியன் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தார். 8.05-க்கு அவர் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார். “ஐயா, சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்துவிடுங்கள்” என்றார்.

அருகில் இருந்த மெஸ்ஸில் கூட்டம். இட்லி இலைக்கு வந்து அவர் முதல் வாய் வைத்தபோது 8.35. பத்து மணிக்கு முன்பே திரும்பிவந்து வரிசையில் நின்றார். அப்போதுதான் டெக்னீஷியன், “எப்போது சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார். சாப்பிடத் தொடங்கியதிலிருந்து 2 மணிநேரம் என்பதுதான் கணக்கு. இரத்தம் கொடுத்ததிலிருந்து அல்ல. எனவே 10.35 வரை உட்கார வைத்தார். டெக்னீஷியன் செய்தது சரி. அவர் கேட்காமல் எடுத்திருந்தால் ஒன்றரை மணிநேரச் சர்க்கரையை 2 மணிநேரச் சர்க்கரை என்று நீங்கள் படித்து மாத்திரையைக் கூட்டியிருக்கக் கூடும். ஆனால் பெரியவர் காதில் விழுந்தது என்ன? பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், வந்தால் காத்திருக்கச் சொல்கிறார்கள். வாக்கு அங்கே முதன்முறையாக வெளிப்படையாக உடைந்தது.

10.35-க்கு இரண்டாவது இரத்தம். இரத்தம் எடுப்பவரே பரிசோதனைக் கருவியையும் இயக்குபவர் என்பதால், எடுக்கும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, 11 மணிக்கு மொத்தமாகக் கருவியில் ஏற்றினார். 11.40-க்கு அறிக்கைகள் கட்டாக வெளியே வந்தன. பெரியவர் மருத்துவரைப் பார்த்தது 12.20-க்கு. மருந்தகத்தில் 12.50. உணவு ஆலோசகர் சாப்பிடப் போயிருந்தார். ஊருக்கு ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்றரைக்குத்தான். ஆகவே 12.55-க்கு அவர் கிளம்பிவிட்டார். உணவு ஆலோசனைக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். ‘எல்லாம்’, ‘ஒரே’, ‘காலை’ என்ற மூன்று சொற்களும் பொய்த்துப்போயின.

இப்போது கணக்குப் பாருங்கள். மொத்தம் 345 நிமிடங்கள். சாப்பாட்டுக்குப் பிந்திய 2 மணிநேரத்தை உடலியல் கேட்கிறது. அதை யாரும் குறைக்க முடியாது. கருவியில் பரிசோதனை நடக்க ஏறத்தாழ 40 நிமிடங்கள். மேசைகளிலும் மருத்துவரிடமும் அவருக்காக யாராவது எதையாவது செய்த நேரம் எல்லாம் சேர்த்தும் அரை மணிநேரம் தாண்டாது. மீதி இரண்டரை மணிநேரத்துக்கு மேல் மருத்துவமனையே உண்டாக்கியது. மருத்துவர் அறை வாசலில் அவர் உட்கார்ந்திருந்தது 40 நிமிடங்கள்தான். ஆனால் கடைசியாக உட்கார்ந்த நாற்காலி அது என்பதால், 5 மணிநேரத்துக்கு மேலான களைப்பு முழுவதும் மருத்துவர் பெயரில் எழுதப்பட்டது.

அந்த 40 நிமிடங்களுக்கும் மருத்துவர் காரணமில்லை. கோட்டுக்குக் கீழே எழுதியபோது தெரிந்தது இது: 10 மணிக்கே வந்துவிட்ட மருத்துவர், பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை பார்க்க ஆளில்லாமல் இருந்தார். அறிக்கைகள் கட்டாக வந்ததும் நோயாளிகளும் கட்டாக வந்தார்கள். இன்னொரு மருத்துவரை நியமித்திருந்தால் சும்மா இருக்கும் மருத்துவர்கள் இருவர் ஆகியிருப்பார்கள், அவ்வளவுதான். மருத்துவமனைகள் இந்த இடத்தில்தான் பெரும் பணத்தைத் தவறாகச் செலவழிக்கின்றன. குறை கேட்கும் இடத்தில் ஆளைக் கூட்டுகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், முதல் தொடுபுள்ளி வாசல் அல்ல, முந்தைய நாள் தொலைபேசி அழைப்பு. “நாளைக்கு வெறும் வயிற்றில் வாருங்கள்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்கள். மாத்திரையை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. ஒருவர் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வந்து பில் வரிசையில் நிற்பார். சிலருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். இன்னொருவர் பயந்து, சாப்பிட்ட பிறகும் மாத்திரையைப் போட்டிருக்க மாட்டார். அவருடைய இரண்டாவது அளவு நீங்கள் கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்பதைக் காட்டாது, மறுபடி ஒரு நாள் வரச் சொல்வீர்கள். இரண்டுமே உங்கள் வாக்கை மீறுகின்றன. முதலாவது ஆபத்தும்கூட. அழைப்பில் சொல்ல வேண்டிய வாக்கியங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிநேரம் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாமா, மாத்திரையும் இன்சுலினும் எப்போது, வரும்போது வீட்டு டிபனையும் மாத்திரையையும் கையோடு கொண்டு வாருங்கள் என்பது. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு வியர்வை, நடுக்கத்தின் பொருள் தெரிந்திருக்கட்டும். குளுக்கோஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

திருத்தத்துக்கு வருவோம். வரைபடத்தைப் பார்த்தால் செய்ய வேண்டியவை ஏறத்தாழ தாமாகவே தெரியும். பழைய நோயாளி வந்ததும் நேரே ஊசி. பில் பிறகு, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. சாப்பிட ஒரு மேசையும் கைகழுவ இடமும். முதல் வாய் வைத்த நேரத்தைச் சீட்டில் எழுதி, அதன் கீழேயே இரண்டாவது ஊசிக்கான நேரத்தையும் எழுதிக் கொடுப்பது. முதல் இரத்தத்தில் செய்ய வேண்டிய பரிசோதனைகளை உடனே தொடங்குவது; பின்னர் எடுப்பவற்றை அரை மணிக்கு ஒருமுறை சிறு தொகுதிகளாக ஏற்றுவது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. அந்த 2 மணிநேரத்தை வீணாக்காதீர்கள். அந்த மருத்துவமனையில் எட்டரையிலிருந்து பத்தரை வரை பெரியவரும் சும்மா இருந்தார், உணவு ஆலோசகரும் சும்மா இருந்தார். டாக்டரைப் பார்த்த பிறகுதான் உணவு ஆலோசனை என்று எப்போதோ யாரோ வைத்த வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. எடை, இரத்த அழுத்தம், பாதப் பரிசோதனை, உணவு ஆலோசனை எல்லாவற்றையும் அந்த இடைவெளிக்குள் கொண்டுவந்துவிட்டால், ‘எல்லாம்’ என்ற சொல் முதன்முறையாக உண்மையாகும். கட்டாயமாகக் காத்திருக்க வேண்டிய நேரமே உங்களிடம் இருக்கும் பெரிய வசதி. நீங்கள் மருந்தை மாற்றினால் உணவில் சிறு திருத்தம் தேவைப்படலாம். அதை ஆலோசகர் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளட்டும்.

இதே பெரியவரை மாற்றிய பாதையில் நடத்திப் பாருங்கள். 7.10-க்கு வருகை, 7.20-க்கு ஊசி, 7.35-க்குக் கொண்டுவந்த டிபன். 8 மணிக்கு மேல் பாதமும் உணவு ஆலோசனையும். 9.35-க்கு இரண்டாவது இரத்தம். பத்தரைக்கு அறிக்கை. பதினொன்றுக்குள் உங்களைப் பார்த்து, பதினொன்றேகாலுக்குள் மருந்துடன் வெளியே. ஆள் கூட்டவில்லை, கருவி வாங்கவில்லை.

இதற்கு ஓர் எல்லை உண்டு. இரத்தம் எடுக்க ஒருவருக்கு 4 நிமிடங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரே டெக்னீஷியன் 7 மணியிலிருந்து 8.30 வரை எடுக்கக்கூடியது 22 பேருக்குத்தான். 9.30 வாக்கில் இரண்டாவது ஊசிக்கு முதல் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு இரண்டு வரிசைகளும் மோதும். 9.30-க்கு முதல் இரத்தம் கொடுப்பவரை மதியத்துக்கு முன் அனுப்ப எந்த வரைபடத்தாலும் முடியாது. ஆகவே காலையில் நாற்பது பேர் வெறும் வயிற்றில் வருகிறார்கள் என்றால், உங்களுக்கு வழி இரண்டுதான். எட்டரை வரை மட்டும் இரத்தம் எடுக்க இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், வெறும் வயிற்றில் வர வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நோயாளிகளில் யாருக்கு அதுவே போதும், யாருக்கு இரத்தசோகை போன்ற காரணங்களால் அதை நம்பக் கூடாது என்பது உங்கள் முடிவு. போதுமானவர்களை மாலைக்கு மாற்றினால் காலை வரிசை தானாகக் குறையும்.

அளப்பதைப் பற்றி. நோயாளியுடன் ஒரு சீட்டை அனுப்புங்கள். ஒவ்வொரு மேசையிலும் வந்த நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுத வேண்டும். திங்கள் முதல் சனி வரை ஒரு வாரம் போதும். முதல் நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்று எல்லோரும் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்வார்கள். எல்லா நேரமும் 8.00, 8.15, 8.30 என்று அழகாக இருந்தால், மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஊழியர்களிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: யார் தாமதம் என்று பார்க்க அல்ல இது, எந்த விதி தாமதம் என்று பார்க்க. அந்தப் பில் மேசைப் பெண்ணைக் கடிந்துகொண்டிருந்தால் 40 நிமிடங்கள் குறைந்திருக்காது. அவர் அழுதிருப்பார், அவ்வளவே. மருந்தகத்தில் சீட்டைத் திருப்பிக் கொடுக்காமல் போனவர்களின் பெயர்களைத் தனியே எடுத்து வையுங்கள். பாதியில் கிளம்பியவர்கள் அவர்கள். அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, எந்த நேரத்தில், எதற்காகக் கிளம்பினார்கள் என்று மட்டும் கேளுங்கள். கூகுளில் எழுதாமலேயே வேறு மருத்துவரிடம் போய்விடுபவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

வாரக் கடைசியில் சராசரி எடுக்காதீர்கள். உள்ளூர்க்காரர் பத்தரைக்குப் போயிருப்பார், வெளியூர்ப் பெரியவர் ஒரு மணிக்குப் போயிருப்பார். சராசரி பன்னிரண்டுக்கு முன்பே வந்து உங்களைச் சமாதானப்படுத்திவிடும். பத்தில் ஒன்பது பேர் எத்தனை மணிக்குள் வெளியே போனார்கள் என்று பாருங்கள். வாக்குறுதிக்கு உரிய எண் அதுதான்.

இன்னொன்று. அறிக்கை வந்த வரிசையில் நீங்கள் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினால், டோக்கன் எண் 24 உள்ளே போக, 11 வெளியே உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது அநியாயமாகத் தெரியும். காரணத்தைக் கூடத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், அத்துடன் நர்ஸும் வாயால் சொல்லட்டும்: “ஐயா, உங்கள் இரண்டாவது அறிக்கை இன்னும் இருபது நிமிடங்களில் வந்துவிடும், வந்ததும் நீங்கள்தான்.” அந்த ஒரு வாக்கியம் அந்த டிவியைவிட அதிக வேலை செய்யும்.

பலகையை இப்போது தொட வேண்டாம். பாதையை மாற்றிய பிறகு மறுபடி ஒரு வாரம் அளந்து பாருங்கள். எட்டு மணிக்குள் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பதினொன்றரைக்குள் எல்லாம் முடித்துக் கிளம்பியிருந்தால், ‘காலை 8 மணிக்குள் வந்தால் 11.30-க்குள் எல்லாம் முடியும்’ என்று நேரத்தோடு எழுதிவிடுங்கள். வரவேற்பு மேசையிலிருந்து மருந்தகம் வரை அனைவரும் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். உணவு ஆலோசகரையோ இரண்டாவது டெக்னீஷியனையோ உங்களால் அந்த நேரத்தில் நிறுத்த முடியாவிட்டால், ‘எல்லாம்’ என்ற சொல்லை அழித்துவிட்டு, எவை முடியுமோ அவற்றின் பெயரை எழுதுங்கள்.